ட்ரெண்டிங் ஆடியோவை எங்கள் மாவு நிறுவனத்துக்குப் பயன்படுத்தலாமா?

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் இட்லி மாவு தயாரித்துப் பாக்கெட்டில் விற்கும் ஒரு சிறிய நிறுவனத்தின் இன்ஸ்டாகிராம் பக்கத்தை நான் கவனித்து வருகிறேன். இரண்டு வாரங்களாக ஓர் ஆடியோ எங்கு பார்த்தாலும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு பாட்டி “எங்க என் அரிசி?” என்று மூன்று முறை, ஒவ்வொரு முறையும் குரலை உயர்த்திக் கேட்பார், அதன் பிறகு இரண்டு விநாடி அமைதி. சார்ஜரைத் தொலைத்தவர், சம்பளம் வராதவர், காதலியின் பதிலுக்குக் காத்திருப்பவர் என்று எல்லோரும் அதற்கு வாயசைத்து ரீல்ஸ் போடுகிறார்கள். எங்கள் முதலாளிக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. “நாம் அரிசியில்தானே தொழில் செய்கிறோம், நமக்கென்றே செய்தது போல இருக்கிறதே” என்கிறார். அமைதி வரும் இடத்தில் எங்கள் மாவுப் பாக்கெட் திரையில் வந்து நிற்க வேண்டும் என்பது அவருடைய யோசனை. எனக்கு ஏதோ உறுத்துகிறது. ஆனால் அது என்னவென்று அவரிடம் எடுத்துச் சொல்லத் தெரியவில்லை. வலிந்து செய்தது போலத் தெரியாமல் இதைச் செய்வது எப்படி?

சந்தைமேடு எழுதியது:

தாராளமாகச் செய்யுங்கள். ட்ரெண்ட் இருக்கும்போது ஏறிக்கொள்ள வேண்டும். யோசித்துக்கொண்டே இருந்தால் வண்டி போய்விடும். ஆடியோவின் பெயருக்குப் பக்கத்தில் மேல்நோக்கிய அம்புக்குறி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் அது இன்னும் ஏறுமுகத்தில் இருக்கிறது என்று பொருள். பதிப்புரிமை பற்றி யாராவது பயமுறுத்தினால் கவலைப்பட வேண்டாம். ஏழு விநாடிக்குக் குறைவான ஒலித்துண்டுக்கு உரிமைப் பிரச்சினையே கிடையாது.

பழைய விளம்பரக்காரன் எழுதியது:

அம்புக்குறி பற்றிச் சொன்னது சரி. ஏழு விநாடிக் கதைக்கு இங்கே வழக்கறிஞர் யாராவது பதில் சொல்லட்டும். நான் அதற்கு முந்தைய கேள்விக்கு வருகிறேன்: அந்தப் பாட்டி யார், ஏன் அப்படிக் கேட்டார் என்று வைகைக்கரை பார்த்தீர்களா?

ரீல்ஸின் அடியில் ஓடும் ஆடியோ பெயரைத் தொட்டால் அதற்கான தனிப் பக்கம் திறக்கும். ‘அசல் ஒலி’ என்று குறிப்பிட்டு ஒருவருடைய கணக்கின் பெயர் இருக்கும். பெரும்பாலோர் அதைப் பார்த்துவிட்டு, இவர்தான் உருவாக்கியவர் என்று நம்பி நின்றுவிடுகிறார்கள். ஆனால் அந்த வாசகத்துக்குப் பொருள், இந்த ஒலியை இந்தச் செயலியில் அப்படி ஏற்றியவர் அவர் என்பது மட்டுமே. அவர் அதை எங்கிருந்து வெட்டி எடுத்தார் என்பது செயலிக்குத் தெரியாது. ஆகவே அந்த முதல் ரீல்ஸின் பழைய பின்னூட்டங்களைப் படிக்க வேண்டும். “முழு வீடியோ எங்கே” என்று யாராவது கேட்டிருப்பார்கள், யாராவது பதிலும் சொல்லியிருப்பார்கள். பிறகு அந்த வசனத்தை அப்படியே யூடியூபில் தமிழில் தட்டித் தேடி, ட்ரெண்ட் தொடங்குவதற்கு முன்பு ஏற்றப்பட்ட பதிவுகளை மட்டும் பார்க்க வேண்டும். வெட்டப்பட்ட துண்டுக்கு அரை நிமிடம் முன்னும் அரை நிமிடம் பின்னும் என்ன நடந்தது என்று தெரியும்வரை நான் எந்த வாடிக்கையாளருக்கும் ஓர் ஆடியோவைப் பரிந்துரைப்பதில்லை.

நேற்றிரவு தேடிப் பார்த்தேன். அது ஓர் உள்ளூர்ச் செய்தி அலைவரிசையின் பழைய காணொளி. ரேஷன் கடையில் அந்த மூதாட்டியின் விரல் ரேகை இயந்திரத்தில் பதியவில்லை. அடுத்த மாதம் வரச் சொல்கிறார்கள். நீங்கள் கேட்ட அந்த இரண்டு விநாடி அமைதிக்குப் பிறகு அவர் வாசற்படியில் உட்கார்ந்து அழுகிறார். சிரிப்பு வருவதற்காக வெட்டியவர் அந்த இடத்துக்குச் சற்று முன்னதாகவே வெட்டியிருக்கிறார்.

வைகைக்கரை எழுதியது:

இது எனக்குத் தெரியாது, ஐயா. முதலாளியிடம் காட்டினேன். அவரும் சற்று நேரம் பேசவில்லை. ஆனால் மாலையில் மீண்டும் வந்து, “இத்தனை ஆயிரம் பேர் போடுகிறார்களே, அவர்களை யாரும் கேட்கவில்லையே, நம்மை மட்டும் ஏன் கேட்கப் போகிறார்கள்?” என்றார். அதற்கு என்ன பதில் சொல்வது?

கரிசல் கமலா எழுதியது:

பதில் நான் சொல்கிறேன். தேய்ந்த விரலோடு அந்த இயந்திரத்தின் முன் நின்று, துணியில் துடைத்துத் துடைத்து மறுபடி வைத்துப் பார்ப்பவர்கள் எங்கள் தெருவில் இன்றும் இருக்கிறார்கள். சார்ஜரைத் தொலைத்த பையன் அந்தக் குரலுக்கு வாயசைத்தால், அவனுக்கு ஒன்றும் தெரியாது என்று விட்டுவிடலாம். அரிசியை அரைத்து விற்கும் நிறுவனம் “அரிசி எங்கே” என்று அழும் கிழவியின் குரலைப் போட்டு, பதிலாகத் தன் பாக்கெட்டைக் காட்டினால் அதற்குப் பெயர் வேறு. உங்கள் முதலாளி எதைப் பொருத்தம் என்று நினைக்கிறாரோ, அதுதான் இங்கே வினை.

பழைய விளம்பரக்காரன் எழுதியது:

கமலா அம்மா சொன்னதன் கடைசி வரியை வைகைக்கரை அப்படியே முதலாளிக்குப் படித்துக் காட்டலாம். விளம்பரத் தொழிலில் இந்தச் சறுக்கல் அடிக்கடி நடக்கிறது. சொல் பொருந்துகிறது என்பதாலேயே சூழலும் பொருந்துகிறது என்று எடுத்துக்கொள்கிறோம். 2014 செப்டம்பரில் அமெரிக்காவில், கணவனின் அடியைப் பொறுத்துக்கொண்டு ஏன் கூடவே இருந்தோம் என்று பெண்கள் ட்விட்டரில் #WhyIStayed என்ற குறிச்சொல்லின் கீழ் எழுதிக்கொண்டிருந்தார்கள். டிஜியோர்னோ என்ற பீட்சா நிறுவனம் அதே குறிச்சொல்லைப் போட்டு, பீட்சா இருந்தது என்பதால் இருந்தேன் என்ற பொருள்பட ஒரு வரி எழுதியது. உடனே நீக்கினார்கள், கோபப்பட்டவர்களிடம் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டார்கள். குறிச்சொல் எதைப் பற்றியது என்று படிக்காமலே போட்டுவிட்டோம் என்பதுதான் அவர்கள் தந்த விளக்கம். படித்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதுமாக இருந்திருக்கும்.

தனி ஆள் போடும்போது அது நண்பர்களுக்குள் நடக்கும் கேலி. நிறுவனம் போடும்போது, அந்தக் குரலின் பின்னே ஒரு விலைப்பட்டியல் நிற்கிறது. பார்ப்பவர்கள் இந்த வேறுபாட்டை யாரும் சொல்லிக்கொடுக்காமலே உணர்கிறார்கள்.

இதற்கு நேர்மாறான உதாரணமும் நம்மிடமே இருக்கிறது. 2019 மே மாத இறுதியில், சுத்தியல் தலையில் விழுந்த கான்டிராக்டர் நேசமணிக்காக உலகமே பிரார்த்தனை செய்தது நினைவிருக்கும். புதிய மத்திய அரசு பதவியேற்ற அதே நாட்களில் அது ட்விட்டரில் முன்னணியில் நின்றது. அதில் யார் கலந்துகொண்டாலும் புண்படுவதற்கு ஆள் இல்லை. அடிபட்டவர் ஒரு கற்பனைப் பாத்திரம், அதுவும் நாமெல்லாம் பதினெட்டு ஆண்டுகளாகச் சிரித்துக்கொண்டிருந்த பாத்திரம்.

வழக்கறிஞர் தென்காசி எழுதியது:

நேசமணி விஷயத்தில் ஒரு திருத்தம். யாரும் புண்படவில்லை என்பது உண்மை. ஆனால் அந்தப் படக்காட்சியையும் நடிகரின் முகத்தையும் வணிக நிறுவனம் எடுத்துப் பயன்படுத்துவது சட்டப்படி தனிக் கேள்வி. புண்படுத்தாத ஒன்று அனுமதி பெற்றதாகிவிடாது.

இனி ஏழு விநாடி. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் இத்தனை விநாடி வரை இலவசம் என்று ஓர் அளவு எங்கும் இல்லை. தனிப்பட்ட பயன்பாடு, விமரிசனம், நடப்புச் செய்தி போன்ற நோக்கங்களுக்கு நியாயமான அளவில் எடுத்தாளலாம் என்று 52ஆம் பிரிவு சொல்கிறது. மாவு விற்பது அந்தப் பட்டியலில் வராது.

சந்தைமேடு எழுதியது:

சரி, விநாடிக் கணக்கை விட்டுவிடுகிறேன். ஆனால் பிசினஸ் கணக்கில்தான் பாடல்கள் கிடைப்பதில்லை. கணக்கைக் கிரியேட்டர் வகைக்கு மாற்றிவிட்டால் எல்லாப் பாடல்களும் வந்துவிடுகின்றன. செயலியே தருகிறதென்றால் பயன்படுத்தலாம் என்றுதானே பொருள்? எனக்குத் தெரிந்த பத்துக் கடைகள் இப்படித்தான் செய்கின்றன.

வழக்கறிஞர் தென்காசி எழுதியது:

கிடைக்கும் என்பது சரி; பயன்படுத்தலாம் என்பது சரியல்ல. இசை நிறுவனங்களோடு மெட்டா செய்துகொண்டிருக்கும் ஏற்பாடு தனிநபர் பயன்பாட்டுக்கானது. வணிக நோக்கத்துக்குத் தனி உரிமம் வேண்டும் என்று அவர்களுடைய இசை விதிகளிலேயே இருக்கிறது. பிசினஸ் கணக்குக்குப் பாடல்கள் குறைக்கப்பட்டிருப்பதன் காரணமும் அதுதான். கணக்கின் வகையை மாற்றுவதால் நீங்கள் மாவு விற்கவில்லை என்று ஆகிவிடாது.

பேங் என்ற ஊக்கபானத்தைத் தயாரித்த அமெரிக்க நிறுவனம் டிக்டாக் காணொளிகளில் பிரபலமான பாடல்களைப் பயன்படுத்தியதற்கு, அது பதிப்புரிமை மீறல்தான் என்று 2022இல் ஃபுளோரிடாவின் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாடல்கள் செயலியிலேயே கிடைத்தன என்பது அந்த நிறுவனத்தைக் காப்பாற்றவில்லை. 2025 ஏப்ரலில் வார்னர் இசை நிறுவனம் கிரம்பிள் என்ற குக்கீஸ் கடைத் தொடர்மீது 159 பாடல்களைக் குறிப்பிட்டு வழக்குத் தொடுத்தது. மதுரை மாவுக் கடைமீது நாளையே இப்படி வழக்கு வரும் என்று நான் சொல்லவில்லை. நடைமுறையில் உங்களுக்கு முதலில் வரும் தொல்லை வேறு: பதிவு நன்றாக ஓடத் தொடங்கும்போது ஒலி அணைக்கப்படும், அல்லது பணம் கட்டிப் பூஸ்ட் செய்யப் போனால், உரிமமுள்ள இசை இருப்பதால் இயலாது என்று செயலி மறுத்துவிடும்.

கல்யாணக் கேமரா எழுதியது:

அதேதான் எனக்கு நடந்தது! நான் திருமணங்களுக்குக் காணொளி எடுப்பவன். ஒரு முகூர்த்தக் காட்சிக்குத் திரைப்பாடல் போட்டு ஏற்றினேன். நல்ல கூட்டம் வந்தது. ஒரு நாள் காலையில் பார்த்தால் ஒலியே இல்லை. மணமக்கள் வாயைத் திறக்கிறார்கள், நாதஸ்வரக்காரர் ஊதுகிறார், எல்லாம் மௌனப்படம். ஒலியைத் திரும்பக் கொண்டுவர என்ன வழி? இன்னொரு கேள்வி: மாலை எத்தனை மணிக்கு ஏற்றினால் அதிகம் பேர் பார்க்கிறார்கள்?

பழைய விளம்பரக்காரன் எழுதியது:

நேரம் பற்றிய கேள்விக்குத் தனி இழை தொடங்குங்கள், இங்கே வேண்டாம். ஒலியைப் பொறுத்தவரை, அந்தப் பதிவில் மேல்முறையீட்டுக்கு வழி காட்டியிருப்பார்கள். உரிமம் இல்லாதபோது அதனால் பயனில்லை. உண்மையான நாதஸ்வர ஒலி உங்கள் கேமராவில் பதிவாகியிருக்குமே, அதைப் போட்டு மறுபடி ஏற்றுங்கள். (சொல்லப்போனால் அது திரைப்பாடலைவிட நன்றாகவே இருக்கும்.)

வைகைக்கரைக்கு இப்போது வழி சொல்ல வேண்டும். அந்தக் குரலை விட்டுவிட்டு, அதன் வடிவத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஒரே கேள்வி மூன்று முறை, குரல் ஏறிக்கொண்டே போகிறது, பிறகு பதில் சொல்ல முடியாத அமைதி. இந்த அமைப்பு யாருக்கும் சொந்தமல்ல. நம் வீட்டு அம்மாக்கள் ட்ரெண்டுக்கு முன்பிருந்தே இப்படித்தான் கேட்கிறார்கள்.

அடுத்தது, இந்த நகைச்சுவையில் உங்கள் நிறுவனம் எங்கே உட்காருகிறது என்பது. கேட்பவர் ஒருவர், மாட்டிக்கொண்டு விழிப்பவர் ஒருவர். உங்கள் முதலாளி மூன்றாவதாக ஓர் இடத்தை உருவாக்குகிறார். கடைசியில் வந்து காப்பாற்றும் இடம். வலிந்து செய்தது போலத் தெரிவதற்குக் காரணம் அதுதான். சிரிப்பு வர வேண்டிய இரண்டு விநாடியைப் பாக்கெட் பிடித்துக்கொள்கிறது. மாட்டிக்கொண்டு விழிப்பவராக நிறுவனமே இருந்துவிட்டால் அந்த நெருடல் போய்விடும். அதற்கு உங்கள் பொருளுக்கே உரிய ஓர் அசடு வேண்டும். உங்கள் வாடிக்கையாளர்கள் எதற்காக உங்களைத் திட்டுகிறார்கள்?

வைகைக்கரை எழுதியது:

அதற்குப் பஞ்சமே இல்லை. வெயில் காலத்தில் பாக்கெட் உப்பிவிடுகிறது. வீட்டுக்கு எடுத்துப்போய் வெளியே வைத்து மறந்துவிட்டு, தாமதமாகக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தால் இரவுக்குள் பொங்கி, முடிச்சைத் தாண்டி வழிந்துவிடும். காலையில் குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறந்தால் கத்தரிக்காய் மேலெல்லாம் மாவு. வாரத்துக்கு ஒருவராவது படம் எடுத்து அனுப்பி, துடைக்க ஆள் அனுப்புகிறீர்களா என்று கேட்கிறார்.

பழைய விளம்பரக்காரன் எழுதியது:

இதைவிட நல்ல சரக்கு கிடைக்காது. இப்படி எடுத்துப் பாருங்கள். முதல் காட்சி, குளிர்சாதனப் பெட்டிக்கு உள்ளிருந்து: கதவு திறக்கிறது, ஓர் அம்மாவின் முகம். “மாவு எங்க?” சாதாரணமாக. இரண்டாவது காட்சி, அவர் கண்கள் கீழ்த்தட்டுக்குப் போகின்றன. “மாவு எங்க?” சற்று உரக்க. மூன்றாவது காட்சியில் கத்தரிக்காய், தக்காளி, முட்டைத் தட்டு எல்லாவற்றின் மேலும் மாவு. காலிப் பாக்கெட் மட்டும் ஓரத்தில் சுருண்டு கிடக்கிறது. “மாவு எங்க?” இப்போது முழுக் குரலில். பிறகு இரண்டு விநாடி அமைதி. அந்த அமைதியில், நிறுவனத்தின் சட்டை அணிந்த உங்கள் ஊழியர் கையில் துணியோடு சமையலறை வாசலில் தலைகுனிந்து நிற்கிறார். மொத்தம் ஒன்பது, பத்து விநாடிக்கு மேல் போகக்கூடாது. வசனத்தை உங்கள் ஊழியர்களில் ஒருவரே பேசட்டும். அந்தப் பாட்டியின் குரலைப் போலப் பேசிக்காட்ட வேண்டாம். ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பவர்கள் ஏராளம் என்பதால் மூன்று கேள்விகளும் எழுத்தாகத் திரையில் வரவேண்டும், ஒவ்வொரு முறையும் எழுத்தின் அளவு பெரிதாகட்டும்.

நான் எப்போதும் ஒரு சோதனை செய்வேன். மாவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பற்பசையை வைத்துப் பார்ப்பேன். நகைச்சுவை அப்படியே நின்றால் அது உங்கள் பொருளோடு ஒட்டவே இல்லை என்று பொருள். முதலாளியின் யோசனையில் பாக்கெட்டுக்குப் பதில் பற்பசை வந்து நின்றாலும் ஒன்றும் மாறாது. பொங்கி வழிவதைப் பற்பசை செய்யாது.

சந்தைமேடு எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன், நன்றாக இருக்கிறது. கேப்ஷனில் “சோடா மாவு கலக்காததால்தான் இயற்கையாகப் பொங்குகிறது” என்று ஒரு வரி சேர்த்தால் விற்பனைக்கும் ஆகுமே?

வழக்கறிஞர் தென்காசி எழுதியது:

அது உண்மையா, காட்ட ஆதாரம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். உணவுப் பொருளைப் பற்றிச் சொல்லும் எந்த உறுதியும் விளையாட்டாகச் சொன்னாலும் விளம்பரக் கூற்றுதான். வேறொன்றும் சொல்லிவைக்கிறேன்: குரலைத் தாங்களே பேசுவது நல்லது, ஆனால் ஒரு நடிகரைப் போல மிமிக்ரி செய்துவிடாதீர்கள். நடிகர் அனில் கபூரின் வழக்கில் 2023 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் அவருடைய பெயர், உருவம், குரல் மட்டுமல்லாமல் ‘ஜக்காஸ்’ என்று அவர் சொல்லும் சொல்லையும் வணிகத்துக்குப் பயன்படுத்தத் தடை விதித்தது. 2021இல் டோக்கியோவில் பி.வி.சிந்து பதக்கம் வென்றபோது அவருடைய படத்தைப் போட்டு வாழ்த்துச் சொன்ன நிறுவனங்களுக்கே அவருடைய மேலாண்மை நிறுவனம் நோட்டீஸ் அனுப்பியது. வாழ்த்துத்தானே என்று அவர்களும் நினைத்திருப்பார்கள்.

பழைய விளம்பரக்காரன் எழுதியது:

கேப்ஷன் விஷயத்தில் எனக்கும் அதே கருத்து, வேறு காரணத்துக்காக. திட்டு வாங்கிக்கொண்டு தலைகுனிந்து நின்றுவிட்டு, கீழே “அதுவும் எங்கள் பெருமைதான்” என்று எழுதினால் குனிந்த தலை பொய்யாகிவிடும். எழுதத்தான் வேண்டுமென்றால் உபயோகமாக எழுதுங்கள்: வாங்கியவுடன் பெரிய பாத்திரத்துக்கு மாற்றி, பாதிக்குமேல் நிரப்பாமல் வையுங்கள் என்று.

கரிசல் கமலா எழுதியது:

எல்லாம் சரி. அந்தப் பாட்டியை அப்படியே விட்டுவிடுவதா? உங்கள் முதலாளிக்கு மனம் இருந்தால் அவரைத் தேடிப்பிடித்து ஒரு மூட்டை அரிசியாவது கொடுக்கலாமே.

வைகைக்கரை எழுதியது:

இதை முதலாளியும் கேட்டார், அம்மா. கொடுப்பதைப் படம் பிடித்துப் போடலாமா என்று அடுத்த வரியிலேயே கேட்டதுதான் சிக்கல்.

கரிசல் கமலா எழுதியது:

படம் பிடித்தால் வேண்டாம். முதலில் அவருடைய குரலை எடுத்தார்கள், இப்போது முகத்தையும் எடுப்பீர்கள்.

சந்தைமேடு எழுதியது:

இதை நான் ஏற்கவில்லை. படம் வந்தால் இன்னும் நான்கு பேர் உதவுவார்கள். ரேஷன் கடைக்காரரும் பயப்படுவார். பாட்டியிடம் கேட்டு, அவர் சம்மதித்தால் என்ன தவறு? அவர் சார்பில் நாமே வேண்டாம் என்று முடிவு செய்வது மட்டும் மரியாதையா?

பழைய விளம்பரக்காரன் எழுதியது:

கேட்க வேண்டியது அவரைத்தான் என்பதில் சந்தைமேட்டுக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் அரிசி மூட்டையோடு வாசலில் நிற்பவரிடம் வேண்டாம் என்று சொல்வது அவருக்கு எவ்வளவு எளிது என்று எனக்குத் தெரியவில்லை. இதில் நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

வைகைக்கரை எழுதியது:

நாளை காலை கடை ஊழியர் ஒருவரின் வீட்டில் படப்பிடிப்பு. அவருடைய அம்மாவே கேள்வி கேட்கிறார், ஒத்திகையில் மூன்றாவது “மாவு எங்க?”வுக்கு உண்மையிலேயே பயந்துவிட்டோம். முதலாளி ஒரே ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார்: முதல் விநாடியிலேயே லோகோ பெரிதாகத் தெரிய வேண்டுமாம். நிறுவனத்தின் ரீல்ஸ் என்று எப்படித் தெரியும் என்கிறார்.

பழைய விளம்பரக்காரன் எழுதியது:

முதல் விநாடியில் லோகோ வந்தால் விளம்பரம் என்று விரல் தானாகத் தள்ளிவிட்டுப் போய்விடும். காலிப் பாக்கெட் மூன்றாவது காட்சியில் கிடக்கிறதல்லவா, அதன் பெயர்ப்பக்கம் கேமராவைப் பார்த்தபடி இருக்கட்டும்; ஊழியரின் சட்டைப் பையிலும் பெயர் இருக்கிறது. அதுவே போதும் என்று சொல்லுங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் லோகோவுடன் ஒன்றும் இல்லாமல் ஒன்றுமாக இரண்டு வடிவங்களையும் வெட்டி, மாவு வாங்க வருபவர்களில் நான்கைந்து பேரிடம் போனில் காட்டச் சொல்லுங்கள். அவர்கள் எந்த இடத்தில் சிரிக்கிறார்கள் என்று முதலாளி பக்கத்தில் நின்று பார்க்கட்டும். பாக்கெட் மட்டும் போதிய அளவு காலியாக இருக்க வேண்டும். கத்தரிக்காய் மேல் ஊற்ற ஒன்றரைக் கிலோ மாவாவது தேவைப்படும், முந்தைய நாள் புளித்ததாக எடுத்துவையுங்கள்.

கல்யாணக் கேமரா எழுதியது:

குளிர்சாதனப் பெட்டிக்குள் போனை வைத்து எடுப்பதென்றால் வைப்பதற்கு முன் சற்று நேரம் பெட்டியின் மின்சாரத்தை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் போனை வெளியே எடுத்தவுடன் லென்ஸில் ஆவி படிந்து அடுத்த காட்சி மங்கலாக வரும். நான் மதுரைக்காரன்தான், நாளை காலை முகூர்த்தம் ஏதும் இல்லை, வேண்டுமென்றால் வருகிறேன்.

வைகைக்கரை எழுதியது:

வாருங்கள் அண்ணா. முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். லோகோ பற்றி முதலாளியோடு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன்.